வழிகாட்டியுடன் முதல் அழைப்பு: அறிமுகம் செய்வதும், இலக்கைச் சொல்வதும், ஆலோசனை கேட்பதும்

பழைய மாணவர் சங்கமோ, பல்கலைக்கழகத் துறையோ, அறிந்தவர் ஒருவரோ அறிமுகப்படுத்தி வைத்த வழிகாட்டியுடன் முதல் முறை பேசும்போது, யாழ்ப்பாணத்து மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். அறிவோ ஆங்கிலமோ அதற்குக் காரணமில்லை. பெரியவர் ஒருவர் முன்னால் தன் எண்ணத்தை முந்திச் சொல்வது மரியாதைக் குறைவு என்று பழகியிருப்பதால், "நீங்கள் சொல்லுறபடி செய்யிறன்" என்று முடிவு முழுவதையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பவர் என்ன நினைத்திருக்கிறார், எதுவரை வந்திருக்கிறார், எங்கே நிற்கிறார் என்று தெரியாத வழிகாட்டி, யாருக்கும் பொருந்தக்கூடிய நான்கு அறிவுரைகளைச் சொல்லிவிட்டு அழைப்பை முடித்துக்கொள்கிறார். மரியாதையையும் விடாமல், தன் எண்ணத்தையும் மறைக்காமல் அந்த முதல் அரைமணி நேரத்தை எப்படி நடத்துவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

விளக்கத்துக்காக ஒரு மாணவியைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். கோண்டாவிலைச் சேர்ந்தவர், இரசாயனவியலில் இறுதியாண்டு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு பற்றி ஆய்வு செய்கிறார். சுண்ணாம்புக்கல் நிலத்தில் போடும் உரம் எளிதில் நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடும் என்பதால், வெங்காயமும் புகையிலையும் செய்யும் அந்தப் பகுதியில் இது பல காலமாகப் பேசப்படும் பிரச்சினை. அவருக்குக் கிடைத்திருக்கும் வழிகாட்டி, யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் நிலத்தடி நீர்த் துறையில் வேலை செய்யும் ஒரு பொறியியலாளர். வயது ஐம்பதை நெருங்குகிறது. அழைப்பு ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில்.

நேரத்தை இரண்டு இடத்துக்கும் எழுதுங்கள்

இது சிறிய வேலைதான். ஆனாலும் முதல் அழைப்பே தவறிப்போவது பெரும்பாலும் இதனால்தான். "சனிக்கிழமை ஏழு மணி" என்று மட்டும் எழுதாமல், "சனிக்கிழமை யாழ்ப்பாண நேரம் பிற்பகல் 7.00, ரொறன்ரோ நேரம் அதே சனிக்கிழமை முற்பகல் 9.30" என்று கிழமையோடு சேர்த்து எழுத வேண்டும். இலங்கையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ரொறன்ரோவில் மார்ச்சின் இரண்டாம் ஞாயிறு முன்னுக்கும், நவம்பரின் முதல் ஞாயிறு பின்னுக்கும் ஒரு மணி நேரம் மாற்றுகிறார்கள். அதனால் ஒக்ரோபரில் ஒன்பதரை மணி நேரமாக இருக்கும் வித்தியாசம் நவம்பரில் பத்தரை மணி நேரமாகிவிடும். மாதம் ஒருமுறை இரவு ஏழு மணிக்கு என்று பேசி வைத்திருந்தால், நவம்பரில் அவருக்கு அது காலை 8.30. வார இறுதியில் அந்த நேரம் அவருக்கு வசதிப்படுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. இலண்டனுக்கு இந்த வித்தியாசம் கோடையில் நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் ஆகும். அங்கே ஒக்ரோபர் கடைசி ஞாயிறே மாற்றிவிடுகிறார்கள்.

அழைப்பு சூமிலா வட்ஸ்அப்பிலா, படத்துடனா குரல் மட்டுமா என்பதையும் அதே செய்தியில் கேட்டுவிடுங்கள். இணைப்பு அறுந்தால் யார் திரும்ப எடுப்பது என்பதையும் எழுதிவிட்டால், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டிருக்கும் குழப்பம் வராது.

இரண்டு நாள் முன்பே ஒரு சிறு குறிப்பு

சுயவிபரக் கோவையை மட்டும் அனுப்பிவிட்டு அழைப்புக்குப் போவது போதாது. அது நீங்கள் படித்த பாடசாலைகளையும் பெற்ற பெறுபேறுகளையும் சொல்லுமே தவிர, இன்றைக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லாது. பத்து வரிக்கு மேற்படாத குறிப்பு ஒன்றை மின்னஞ்சலில் இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். நான் யார், இப்போது கையில் என்ன வேலை இருக்கிறது, அது எதுவரை வந்திருக்கிறது, எந்தத் திகதிக்குள் எதை முடிக்க வேண்டும், எங்கே தயங்கி நிற்கிறேன் என்பவை அதில் இருந்தால் போதும்.

நம் மாணவி அனுப்பும் குறிப்பின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"கோண்டாவில், இணுவில் பகுதிகளில் 24 தோட்டக் கிணறுகளிலிருந்து ஓகஸ்ட்டில், மழைக்கு முன்னர், மாதிரிகள் எடுத்தேன். ஆகக் கூடிய அளவு லீற்றருக்கு 14 மில்லிகிராம். 9 கிணறுகளில் 12 க்கு மேல். எல்லாமே 50 என்ற எல்லைக்குக் கீழே இருக்கின்றன. மாரி மழை முடிந்ததும் ஜனவரியில் அதே கிணறுகளில் மறுபடி எடுக்கத் திட்டமிட்டிருக்கிறேன். ஆய்வறிக்கையை மார்ச் முடிவுக்குள் ஒப்படைக்க வேண்டும்."

இதில் இலக்கங்கள் இருப்பது அழகுக்காக அல்ல. இந்தத் துறையை அறிந்த எவரும் இதை வாசித்ததும் ஒரு கேள்வி கேட்பார்: அந்த 14 நைத்திரேற்றாகக் கணக்கிட்டதா, நைத்திரேற்றிலுள்ள நைதரசனாகக் கணக்கிட்டதா? பல கருவிகள் இரண்டாவது முறையில்தான் பெறுபேற்றைத் தருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 50 மில்லிகிராம் எல்லை நைத்திரேற்றாகக் கணக்கிடப்பட்டது. நைதரசனாகக் கணக்கிட்ட 14 ஐ நைத்திரேற்றாக மாற்ற ஏறத்தாழ 4.43 ஆல் பெருக்க வேண்டும், விடை 62. அப்படியானால் பாதுகாப்பானவை என்று மாணவி நினைத்திருந்த அந்த 9 கிணறுகளும் எல்லையைத் தாண்டியவை. "கிணற்று நீரின் தரம் பற்றி ஆய்வு செய்கிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தக் கேள்வி பிறந்தே இருக்காது. வழிகாட்டி நல்ல வழிகாட்டியாக இருப்பதற்கு, அவர் பிடித்துத் திருத்தக்கூடிய ஒன்றை நாம் அவர் முன்னால் வைத்திருக்க வேண்டும். அழைப்பு முழுவதற்கும் இதுவே அடிப்படை.

இந்தக் குறிப்பை அனுப்புமுன் செய்ய வேண்டிய இன்னொன்றும் உண்டு. பல்கலைக்கழக மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கும்போது, வெளியில் ஒருவரிடம் ஆலோசனை கேட்கப் போவதை அவருக்குத் தெரியப்படுத்துங்கள். எங்கள் சூழல் சிறியது. இது பின்னால் வேறொருவர் மூலம் தெரியவந்தால், அவரைத் தாண்டிப் போனதாகவே எடுத்துக்கொள்வார். வழிகாட்டியிடமும், "என்னுடைய மேற்பார்வையாளருக்கு இது தெரியும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் அவரும் தயக்கமின்றிப் பேசுவார்.

முதல் ஐந்து நிமிடமும் ஊர் விசாரணையும்

அழைப்பு இணைந்ததும் வணக்கம், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, குரல் தெளிவாகக் கேட்கிறதா என்ற விசாரிப்பு, இவை மூன்றும் போதும். அடுத்து எந்த மொழியில் பேசுவது என்று கேட்டுவிடுங்கள். நீண்ட காலம் வெளியில் இருப்பவர்களுக்கு வீட்டுப் பேச்சுக்குத் தமிழ் இயல்பாக வரும். தொழில் விடயங்களை ஆங்கிலத்தில்தான் சொல்லிப் பழகியிருப்பார்கள். "தமிழில கதைக்கலாமோ மிஸ்? ஆய்வுச் சொல்லுகள் வாற இடத்தில ஆங்கிலத்தில சொல்லிக்கொள்ளுறன்" என்று கேட்டால் இரண்டு பேருக்கும் வசதியாகிவிடும்.

அழைக்கும் முறையும் ஒரு சிறு சிக்கல். கனடாவில் பணிபுரிபவர்கள் பெயர் சொல்லி அழைக்கச் சொல்வார்கள். இங்கே இருபத்திமூன்று வயது மாணவிக்கு அது வாயில் வராது. 'மிஸ்' அல்லது 'சேர்' என்று தொடங்குங்கள். அவர் "மிஸ் எல்லாம் வேண்டாம்" என்றால், "அப்ப அக்கா எண்டு கூப்பிடுறன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள். எது முடிவானாலும் அழைப்பு முழுவதும் அதையே வைத்திருங்கள். இடையிடையே மாற்றுவது இரண்டு பேரையும் சங்கடப்படுத்தும்.

பிறகு ஊர் விசாரணை வரும். வராமல் இருக்காது. எந்த ஊர், எந்தப் பாடசாலை, அப்பா என்ன செய்கிறார், கோண்டாவில் என்றால் எந்தப் பக்கம் என்று அவர் கேட்பார். இதை நேர விரயம் என்று நினைத்து ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி ஒதுக்குவது தவறு என்றே நான் நினைக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஊரை விட்டுப் போன ஒருவருக்கு அந்தக் கேள்விகளில் உண்மையான அன்பு இருக்கிறது. உங்கள் பேச்சில் நம்பிக்கை வைப்பதற்கு அவர் தேடும் வழியும் அதுதான். ஆனால் முப்பது நிமிட அழைப்பில் பதினைந்து நிமிடம் அங்கே போய்விடவும் கூடாது. ஊரைப் பற்றிய பதிலிலிருந்தே விடயத்துக்குத் திரும்புவதற்கு ஒரு வழி உண்டு:

"கோண்டாவில்தான் அக்கா. அப்பா தோட்டம் செய்யிறார், வெங்காயம். எங்கட கிணத்திலதான் முதல் மாதிரி எடுத்தனான். அந்த ஆய்வைப் பற்றித்தான் இண்டைக்கு உங்களோட கதைக்கவேணும் எண்டு நினைச்சனான்."

கேட்டதற்கும் விடை வந்துவிட்டது, பேச வந்த விடயமும் தொடங்கிவிட்டது.

ஒன்றரை நிமிட அறிமுகம்

குறிப்பை முன்பே அனுப்பியிருந்தாலும் வாயால் ஒருமுறை சொல்லத்தான் வேண்டும். வழிகாட்டி வாசித்திருக்கலாம், வாசிக்க நேரமில்லாமலும் போயிருக்கலாம். பாடசாலையிலிருந்து தொடங்கி, உயர்தரத்தில் எடுத்த பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதி, முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று வரிசையாக வந்தால் இன்றைய நிலைக்கு வரவே ஐந்து நிமிடம் போய்விடும். நேர்முகத் தேர்வில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் நாம் இப்படித்தான் பழகியிருக்கிறோம். இங்கே தலைகீழாகச் செய்யுங்கள்: இன்றைக்குச் செய்யும் வேலையை முதலில் சொல்லுங்கள், கடந்தகாலத்தில் இந்த வேலைக்குத் தொடர்புள்ள ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

"நான் இரசாயனவியல் இறுதியாண்டு. இப்ப வலிகாமத்தில 24 தோட்டக் கிணறுகளில நைத்திரேற்று அளக்கிறன். மாதிரி எடுக்கிறது, ஆய்வுகூடத்தில அளக்கிறது இரண்டும் நானே செய்யிறன். கணிப்பு, வரைபடம் எல்லாம் கொஞ்சம் பலவீனம். புவியியல் நான் படிக்கேல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள்ள தண்ணி எப்பிடி ஓடுது எண்டதை வாசிச்சுத்தான் தெரிஞ்சுகொண்டனான்."

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே மூச்சில் அமைதியாகச் சொன்னால், வழிகாட்டி எந்த இடத்திலிருந்து விளக்கத் தொடங்க வேண்டும் என்று உடனே அறிந்துகொள்வார். தெரியாததை மறைத்தால், அவர் உங்களுக்குத் தெரியும் என்று எண்ணிக்கொண்டு மேலே போய்விடுவார். நீங்கள் மிகுதி நேரம் முழுவதும் விளங்காமலே தலையாட்டிக்கொண்டிருக்க நேரும். அதேபோல, "எனக்கு ஒண்டும் தெரியாது, நீங்கள்தான் சொல்லித் தரவேணும்" என்ற பணிவும் அவருக்கு உதவாது. அது உண்மையுமில்லை: 24 கிணறுகளில் மாதிரி எடுத்தவருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்க முடியாது.

இந்த அறிமுகத்தை எழுதி, வாய்விட்டுச் சொல்லி, கைத்தொலைபேசியில் பதிந்து நேரத்தைப் பாருங்கள். ஆனால் எழுதியதை வைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள். வாசிக்கும் குரல் மறுபக்கத்தில் உடனே தெரிந்துவிடும். நான்கு சொற்களை மட்டும் தாளில் குறித்து வைத்திருந்தால் போதும்.

இலக்கைச் சொல்லும் முறை

"என்னுடைய இலக்கு நீர்வளத் துறையில் பெரிய ஆளாக வருவது", "சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும்", "வெளிநாட்டில் மேற்படிப்பு" போன்றவை ஆசைகள். அவற்றில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அவற்றுக்கு யாரும் ஆலோசனை சொல்ல முடியாது. ஆலோசனை சொல்லக்கூடிய இலக்குக்கு ஒரு திகதி இருக்கும், முடிந்ததா இல்லையா என்று பார்க்கக்கூடிய ஒரு முடிவு இருக்கும், அதற்காக எதை விட்டுக்கொடுக்க முடியாது என்ற எல்லையும் இருக்கும். மூன்றாவதுதான் பெரும்பாலும் சொல்லப்படாமல் போகிறது. எங்கள் ஊரில் அதுவே மிக முக்கியமானது.

நம் மாணவியின் இலக்கு முதலில் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: "நிலத்தடி நீரியலில் முதுமாணி செய்ய விருப்பம்." இதை அவர் தனக்குள் கேள்வி கேட்டு உடைக்க வேண்டும். எப்போது? அடுத்த ஆண்டு செப்டெம்பரில். எங்கே? கனடாவாக இருந்தால் நல்லது. கனடாவின் பல பல்கலைக்கழகங்களில் செப்டெம்பரில் தொடங்கும் கற்கைக்கான விண்ணப்பங்கள் அதற்கு முந்தைய டிசெம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் முடிந்துவிடுகின்றன. ஆய்வு வழி முதுமாணி என்றால், மேற்பார்வை செய்ய இணங்கும் பேராசிரியர் ஒருவரை முன்பே கண்டுபிடிக்க வேண்டியும் இருக்கும். ஆனால் அவருடைய ஆய்வறிக்கையோ மார்ச்சில்தான் முடிகிறது. ஆக, அவர் உண்மையில் எதிர்கொள்ளும் கேள்வி, ஜனவரி மாதிரிகள் இல்லாமல், மழைக்கு முந்திய பெறுபேறுகளை மட்டும் வைத்து இந்த ஆண்டே விண்ணப்பிப்பதா, ஓராண்டு இங்கே வேலை செய்துவிட்டு முழு ஆய்வோடு விண்ணப்பிப்பதா என்பதுதான். வீட்டு நிலையையும் சேர்த்துப் பார்த்தால், கட்டணம் முழுவதையும் வீட்டால் செலுத்த முடியாது. தம்பி அடுத்த ஆண்டு உயர்தரம் எழுதுகிறான். இப்போது அழைப்பில் அவர் சொல்லக்கூடியது:

"எனக்கு இரண்டு இலக்கு இருக்கு அக்கா. முதலாவது, மார்ச் முடியமுன்னம் இந்த ஆய்வை, மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடக்கூடிய மாதிரி, முடிச்சுக் குடுக்கிறது. இரண்டாவது, நிலத்தடி நீரியலில முதுமாணி. அதுக்கு இந்த வருசமே விண்ணப்பிக்கிறதோ, அடுத்த வருசமோ எண்டு இந்த மாச முடிவுக்குள்ள முடிவெடுக்கவேணும். உதவித்தொகை இல்லாமல் போக ஏலாது. என்ர மனம் அடுத்த வருசம் எண்ட பக்கம்தான் சாயுது. ஆனா ஒரு வருசம் பிந்துறதால என்ன இழப்பன் எண்டு எனக்குத் தெரியேல்லை."

இந்தப் பேச்சில் ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது. மார்ச், மாத முடிவு என்ற திகதிகள் எதற்கு அவசரம் என்று காட்டுகின்றன. உதவித்தொகை இல்லாமல் முடியாது என்பது, வழிகாட்டி பொருந்தாத யோசனைகளில் நேரம் செலவழிக்காமல் காப்பாற்றுகிறது. தன் மனம் சாயும் பக்கத்தைச் சொன்னதால், அவர் அதை ஆமோதிக்கவோ அசைத்துப் பார்க்கவோ முடிகிறது. கடைசி வாக்கியத்தில், தெரியாதது எது என்பது துல்லியமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

வீட்டு நிலையைப் பற்றிச் சொல்வதற்குப் பலர் கூச்சப்படுவார்கள். விவரம் தேவையில்லை, எல்லையை மட்டும் சொன்னால் போதும். "ஒரு வருசத்துக்கு மேல வேலையில்லாமல் இருக்க ஏலாது", "அம்மாவைத் தனிய விட்டிட்டுத் தூரம் போக முடியாது", "கலியாணம் பேசுகினம், அதுக்கு முன்னம் ஒரு முடிவு வேணும்" என்ற அளவில் ஒரு வாக்கியம் போதுமானது. இதைச் சொல்லாமல் விட்டால், வழிகாட்டி தன் நிலையிலிருந்து யோசித்து ஒரு பாதையைக் காட்டுவார். நீங்கள் "ஓம்" என்று சொல்லிவிட்டு வந்து அதைச் செய்யாமல் இருப்பீர்கள். அடுத்த அழைப்பில் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு மௌனம் விழும். பல வழிகாட்டல் உறவுகள் இரண்டாவது அழைப்போடு நின்றுபோவதற்கு இந்த மறைப்பே காரணமாக இருக்கிறது.

இலக்கு இன்னும் மங்கலாக இருக்கிறதா என்பதை அழைப்பின்போதே கண்டுபிடிக்கலாம். வழிகாட்டி "அப்ப உங்களுக்கு உண்மையில என்ன செய்ய விருப்பம்?" என்று இரண்டாவது முறை கேட்டால், நீங்கள் சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை. "நிறைய வாசியுங்கோ, ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ளுங்கோ, தொடர்புகளை ஏற்படுத்துங்கோ" என்று அவர் சொல்லத் தொடங்கினாலும் பொருள் அதுதான். அப்போது மனம் தளராமல், "நான் பரவலாச் சொல்லிட்டன் போல, ஒரு விசயத்தை மட்டும் எடுத்துச் சொல்லுறன்" என்று சொல்லி, உங்கள் தாளிலுள்ள மிக அவசரமான திகதிக்குப் போங்கள்.

ஆலோசனைக்கு இடம் கொடுப்பது

"எனக்கு நீங்கள் வழிகாட்டவேணும்" என்பது வேண்டுகோள்தான், ஆனால் அதில் கேள்வி இல்லை. ஆலோசனையை அழைக்கும் கேள்வி, உங்கள் வரைவு ஒன்றை அவர் முன் வைத்து, அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கிறது. நம் மாணவி இப்படிக் கேட்கலாம்: "ஜனவரியில அதே 24 கிணத்திலயும் எடுக்க நினைச்சிருக்கிறன். நேரம் காணாட்டில் 12 ஆகக் குறைக்கலாம் எண்டும் யோசிக்கிறன். நீங்கள் எண்டால் எந்தக் கிணறுகளை விடுவீங்கள்?" இதற்கு "நல்லாச் செய்யுங்கோ" என்று பதில் சொல்லவே முடியாது. எந்தக் கிணற்றை விடலாம் என்று சொல்ல, ஆழத்தையும் அயல் பயிரையும் முந்திய அளவையும் அவர் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விகளிலேயே பாதி வழிகாட்டல் அடங்கியிருக்கிறது.

முடிவைப் பற்றிய கேள்வியை, முடிவு உங்களுடையதாகவே இருக்கும்படி கேளுங்கள். "இந்த வருசம் விண்ணப்பிக்கட்டோ, அடுத்த வருசமோ?" என்று கேட்டால் அவர் ஒன்றைச் சொல்லுவார், அது கட்டளை போல ஆகிவிடும். "அடுத்த வருசம் எண்டு நினைக்கிறன், அதுக்கு மூண்டு காரணம் இருக்கு, இதில எந்தக் காரணம் உங்களுக்குப் பலவீனமாத் தெரியுது?" என்று கேட்டால் அவர் உங்கள் யோசனையை ஆராய்வார். இரண்டும் கேட்பதற்கு ஒரே பணிவோடுதான் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி மூன்றாவது வகை: "இவ்வளவும் கேட்டதில, நான் கேட்டிருக்கவேண்டிய எதையாவது கேக்காமல் விட்டிட்டனோ?" இதை அழைப்பின் பிற்பாதிக்கு வையுங்கள். தொடக்கத்தில் கேட்டால் அவருக்குப் பிடிமானம் இருக்காது. உங்கள் நிலையைக் கேட்டு முடித்தபின் கேட்டால், நீங்கள் பார்க்காத ஒரு மூலையை அவர் காட்டுவார்.

இவற்றோடு, திருத்துவதற்கு வெளிப்படையாக அனுமதி கொடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இலவசமாக நேரம் தரும் பலர், ஊர்ப் பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று குறைகளைச் சொல்லாமல் விடுவார்கள். "பிழையாத் தெரிஞ்சால் நேராவே சொல்லுங்கோ அக்கா, நான் திருத்திக்கொள்ளத்தான் வந்தனான்" என்ற ஒரு வாக்கியம் அந்தத் தயக்கத்தை நீக்கிவிடும். அப்படிச் சொன்ன பின் அவர் உண்மையிலேயே ஒரு பிழையைச் சொன்னால், விளக்கம் சொல்லித் தப்பாமல் முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். நைத்திரேற்றுக் கணக்கைப் பற்றிய கேள்வி வந்த இடத்தில் மாணவி சொல்ல வேண்டியது, "அது எனக்கு நிச்சயமாத் தெரியேல்லை அக்கா. கருவியின்ர கையேட்டைப் பார்த்திட்டு, திங்கட்கிழமை உங்களுக்கு எழுதுறன்" என்பதுதான். ஊகித்துப் பதில் சொன்னால் அடுத்த பத்து நிமிடப் பேச்சும் அந்த ஊகத்தின் மேலேயே நடக்கும்.

"ஓம்" என்ற சொல்லைப் பற்றி

நாம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று காட்டவும் "ஓம்" என்போம், விளங்கிவிட்டது என்பதற்கும் "ஓம்" என்போம், உடன்படுகிறோம் என்பதற்கும் "ஓம்" என்போம். தொலைபேசியில், முகம் தெரியாமல், மறுபக்கத்தில் இருப்பவர் இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஆலோசனை ஒன்று முடிந்ததும், "நான் விளங்கினதைச் சொல்லுறன், சரியோ பாருங்கோ" என்று உங்கள் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். முதல் முறை இது கொஞ்சம் செயற்கையாகத் தோன்றும். ஆனால் திருப்பிச் சொல்லும்போதுதான், அவர் சொன்னதில் ஒரு பகுதி நழுவியது பலமுறை வெளிவருகிறது.

உடன்பாடில்லாத இடத்தில் மௌனமாக இருந்துவிட்டுப் பின்னர் செய்யாமல் விடுவதைவிட, அங்கேயே மெதுவாகச் சொல்வது நல்லது. "நீங்கள் சொல்லுறது விளங்குது. அதில எனக்கு ஒரு தயக்கம் இருக்கு, சொல்லலாமோ?" என்று அனுமதி கேட்டுத் தொடங்கினால் மரியாதை குறைவதில்லை. உதாரணமாக, வழிகாட்டி "கிணத்தடியில போர்ட்டபிள் கருவி வைச்சு அளந்தால் சுகம்" என்றால், அப்படியொன்று துறையில் இல்லை என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும். அவர் உடனே அதற்கு மாற்றாக ஒன்றைச் சொல்லக்கூடும்.

முதல் அழைப்பில் கேட்கக்கூடாதவை

கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் வழிகாட்டிகளிடம் ஊரிலிருந்து வரும் பல அழைப்புகள் விசாவிலோ பணத்திலோ போய் முடிகின்றன. உங்கள் அழைப்பும் அங்கேதான் போகும் என்ற எச்சரிக்கை அவர் மனதில் இருக்கலாம். ஆகவே விசா உதவி, பொறுப்புக் கடிதம், பரிந்துரைக் கடிதம், வேலைக்கு ஆள் பிடித்துத் தருவது ஆகியவற்றை முதல் அழைப்பில் எடுக்காதீர்கள். வெளிநாடு போவது உங்கள் இலக்கின் பகுதியாக இருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம். மேலே காட்டியபடி இலக்காகச் சொல்லுங்கள், உதவி கேட்காதீர்கள். உங்கள் வேலையைச் சில மாதங்கள் பார்த்த பின் பரிந்துரைக் கடிதம் கேட்டால், அவரால் உண்மையான கடிதம் ஒன்றை எழுத முடியும்.

அழைப்பை முடிப்பதும் அதன் பின்னரும்

குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நீங்களே நேரத்தை நினைவூட்டுங்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்வது கடினம்தான். "நேரம் முடியப்போகுது அக்கா, அதுக்குள்ள இரண்டு விசயம் கேட்டிடுறன்" என்றால் பொருந்தும். அந்த இரண்டு விடயங்களில் ஒன்று, இனி எப்படித் தொடர்பு கொள்வது: மாதம் ஒருமுறை அழைப்பா, இடையில் கேள்வி வந்தால் வட்ஸ்அப்பா மின்னஞ்சலா, பதிலுக்கு எத்தனை நாள் காத்திருக்கலாம். மற்றையது, அடுத்த அழைப்புக்கு முன் நான் எதை முடித்து அனுப்ப வேண்டும் என்பது. அடுத்த அழைப்பின் திகதியை இதே அழைப்பில் குறித்துக்கொள்ளுங்கள். "பிறகு கதைப்பம்" என்று முடித்தால் அடுத்ததை யார் தொடங்குவது என்று இரண்டு பேருமே காத்திருப்பார்கள். இளையவர் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைப்பார், மூத்தவர் இவருக்கு அக்கறை இல்லையோ என்று நினைப்பார்.

இரண்டு நாளுக்குள் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நன்றி ஒரு வரி. பேசி முடிவானவை மூன்று நான்கு வரி. நான் செய்யப்போவதும் திகதியும் இரண்டு வரி. அடுத்த அழைப்பின் நேரம், இரண்டு இடத்துக்கும். நம் மாணவியின் மின்னஞ்சலில் முக்கியமான பகுதி இதுவாக இருக்கும்:

"கருவியின் கையேட்டைப் பார்த்தேன். நீங்கள் சந்தேகித்தபடியே அளவுகள் நைதரசனாகத்தான் தரப்பட்டிருக்கின்றன. நைத்திரேற்றாக மாற்றியபோது 9 கிணறுகள் 50 ஐத் தாண்டுகின்றன. மாற்றிய அட்டவணையை மேற்பார்வையாளரிடமும் கொடுத்துவிட்டேன். ஜனவரியில் மாதிரிகளைக் குறைக்க நேர்ந்தாலும் இந்த 9 கிணறுகளையும் விடமாட்டேன். விண்ணப்பம் பற்றிய மூன்று காரணங்களையும் எழுதி இம்மாதம் 25 ஆம் திகதிக்குள் அனுப்புகிறேன்."

இந்த மின்னஞ்சலுக்கு ஒரு வாரத்துக்குள் பதில் வரவில்லையென்றால் அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொன்ன திகதியில் சொன்னதை அனுப்பிவிடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், குறித்த அழைப்புக்கு மூன்று நாள் முன்பு, "சனிக்கிழமை யாழ்ப்பாண நேரம் பிற்பகல் 7.00, உங்கள் நேரம் முற்பகல் 8.30, இந்த நேரம் இன்னும் வசதியா அக்கா?" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டுவிடுங்கள்.